வைவாவுக்கு நாளும் கூடமும் குறித்துத் தேர்வாளர்களுக்கு மெயில் எழுதுவது எப்படி?

"ஐயா, சேலத்தில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் இருக்கிறேன். எனக்கு இதுதான் முதல் ஸ்காலர். சேர்வராயன் மலை ஊர்ப்பெயர்கள் பற்றிய ஆய்வேடு. இரண்டு ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்து, வைவா நடத்தச் சொல்லி ஆர்டரும் வந்துவிட்டது. ஒரு தேர்வாளர் சென்னையிலிருந்து நேரில் வருகிறார், இன்னொருவர் மலேசியாவில், ஆன்லைனில் சேர்வார். தேதியும் ஹாலும் குறித்து இவர்களுக்கு மெயில் எப்படி எழுதுவது? ஸ்காலர் ஏற்காட்டுக்காரர், வைவாவை மேலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்."

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுத வேண்டியது ஒரு மெயில் இல்லை, இரண்டு. முதல் மெயில் கேட்பது, "இந்த இரண்டு நாளில் எது உங்களுக்குச் சரிப்படும்" என்று. இரண்டாவது மெயில் அறிவிப்பது, "இந்த நாள், இந்த நேரம், இந்தக் கூடம்" என்று. இந்த இரண்டையும் ஒரே மெயிலில் போட்டு "தற்காலிகமாக 23ஆம் தேதி வைத்துள்ளோம், வசதிப்படாவிட்டால் தெரிவிக்கவும்" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். அதைப் படிக்கிற தேர்வாளருக்கு 23 முடிவாகிவிட்டதா இல்லையா என்று தெரியாது, பதில் போட வேண்டுமா என்றும் தெரியாது. அவர் பேசாமல் இருப்பார், நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நோட்டீஸ் ஒட்டிவிடுவீர்கள். ஒரு வாரம் கழித்து "அன்றைக்கு எனக்கு இன்னொரு வைவா இருக்கிறதே" என்று போன் வரும்.

முதல் மெயிலுக்கு முன்னால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்த ஆர்டரை எடுத்து நிதானமாக ஒரு தடவை படியுங்கள். வைவா எங்கே நடக்க வேண்டும், குழுவில் யார் யார், ஒருங்கிணைப்பாளர் யார், எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும் என்பதெல்லாம் அதிலோ பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிகளிலோ இருக்கும். அறிவிப்புக்கான நாள் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அதனால் பக்கத்துக் கல்லூரி நண்பரைக் கேட்டு எழுதாதீர்கள். எல்லாருக்கும் பொதுவானது யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறை. அதன்படி வைவா குழுவில் நெறியாளரும் இரண்டு புறத்தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும் இருக்க வேண்டும், ஆன்லைனிலும் நடத்தலாம், ஆய்வு ஆலோசனைக் குழுவினரும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து உட்காரலாம். இன்னொன்றும் அதில் உண்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வைவாவை முடித்து முடிவையும் அறிவித்துவிட வேண்டும். இந்த ஆறு மாதத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் ஸ்காலர் 2026 பிப்ரவரி 12 அன்று சமர்ப்பித்தார் என்று வையுங்கள். ஆகஸ்ட் 12க்குள் எல்லாம் முடிய வேண்டும். வைவா முடிந்த பிறகு ரிப்போர்ட் பல்கலைக்கழகம் போய், அங்கே கோப்பு நகர்ந்து, முடிவு வருவதற்கு இரண்டு வாரமாவது விட வேண்டும். அப்படியானால் ஜூலை கடைசி வாரத்தைத் தாண்டக் கூடாது. அறிவிப்புக்கு 15 நாள் என்று உங்கள் விதி சொன்னால் ஜூலை முதல் வாரத்துக்குள் இரண்டாவது மெயில் போயாக வேண்டும், முதல் மெயில் ஜூன் மூன்றாம் வாரத்தில். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்தான் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். முன்னாலிருந்து எண்ணினால் எப்போதும் நிறைய நாள் இருப்பது போலத்தான் தோன்றும்.

அடுத்தது கூடம். நாளைக் கேட்பதற்கு முன்னால் கூடத்தைப் பிடியுங்கள். தலைகீழாகச் சொல்வது போல இருக்கும், ஆனால் தேர்வாளர் "சரி, 23" என்று சொன்ன பிறகு அலுவலகத்துக்குப் போய் அன்றைக்கு ஹால் இல்லை என்று தெரிந்தால், பெரியவரிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டியது நீங்கள்தான். அதனால் இரண்டு நாளுக்கும் கூடத்தைப் பதிவு செய்துகொண்டு, ஒன்று முடிவானதும் மற்றதை விட்டுக்கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும், சிவப்புக் கோடு போட்ட கணக்கு நோட்டு. அதில் தேதி, நிகழ்ச்சி, துறை, கையெழுத்து என்று நான்கு கட்டம். அந்த நான்காவது கட்டத்தில் உங்கள் கையெழுத்து விழுந்தால்தான் கூடம் உங்களுடையது. எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட்னர் பூசி மேலே வேறு நிகழ்ச்சி எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கூடத்தின் பெயர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் முதல் ஸ்காலருக்கு மெயிலிலும் நோட்டீஸிலும் "செமினார் ஹால்" என்று மட்டும் எழுதினேன். எங்கள் துறையில் எல்லாருக்கும் செமினார் ஹால் என்றால் மாடியில் இருப்பதுதான். ஆனால் அந்த வளாகத்தில் நிர்வாகக் கட்டடத்திலும் ஒரு செமினார் ஹால் இருந்தது. தேர்வாளரை அழைத்துவந்த டிரைவர் அவரை அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பூட்டிய கதவு முன்னால், கையில் ஆய்வேட்டுப் பிரதியோடு, எழுபதை நெருங்கிய அந்தப் பேராசிரியர் இருபது நிமிடம் நின்றிருக்கிறார். அதைவிடப் பெரிய தொல்லை பிறகு வந்தது. எங்கள் மாடி ஹாலில் மைக் வேலை செய்யவில்லை என்று கடைசி நேரத்தில் பக்கத்து வகுப்பறைக்கு மாறியிருந்தோம், ரிப்போர்ட்டில் உண்மைப்படி அந்த அறை எண்ணையே எழுதினேன். நோட்டீஸில் ஒரு இடம், ரிப்போர்ட்டில் ஒரு இடம். அலுவலகத்திலிருந்து கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்பதால், அறிவித்த இடத்தில் நடக்கவில்லை என்றால் அது பொதுவில் நடந்ததா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பையனுக்கு மூன்று வாரம் போயிற்று. அன்றிலிருந்து கட்டடத்தின் பெயர், தளம், அறை எண், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதெல்லாம் இல்லாமல் நான் இரண்டாவது மெயிலை அனுப்புவதில்லை. மைக்கை இரண்டு நாள் முன்னாலேயே போட்டுப் பார்க்கிறேன்.

இனி நாளைப் பார்ப்போம். சேலத்துக்கென்று சில கண்ணிகள் உண்டு, வெளியூர்த் தேர்வாளருக்கு அவை தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பெரும்பாலும் ஒரு புதன்கிழமை வரும். சென்னையில் அன்றைக்கு வேலை நாள், அதனால் அவர் சரி என்று சொல்லிவிடுவார். இங்கே கல்லூரி பூட்டியிருக்கும். கலெக்டர் அறிவிப்பு வரும்வரை ஆடிப் புதன்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆடிப்பெருக்கும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு வேலை இருக்கும். அப்புறம் மாதாந்திர மின் பராமரிப்பு. உங்கள் பகுதி துணை மின்நிலையத்துக்கு எந்த நாள் வழக்கமாக வருகிறது என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல்வரை வராது. ஜெனரேட்டர் இருந்தாலும் அது கூடத்துக்கும் வைஃபைக்கும் இணைப்புக் கொடுக்கிறதா, வெறும் அலுவலகத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். ஒரு தேர்வாளர் ஆன்லைனில் இருக்கும்போது இது விளையாட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 11 மணி என்று போடாதீர்கள். 10.30 முதல் 12 வரை ராகு காலம். உங்களுக்கும் தேர்வாளருக்கும் அது பொருட்டாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஸ்காலரின் அம்மா அப்பாவுக்கு அது பெரிய விஷயம். ஆறு வருடம் காத்திருந்த குடும்பம், நோட்டீஸ் ஒட்டிய பிறகு தயங்கித் தயங்கி வந்து "கொஞ்சம் நேரத்தை மாத்த முடியுமா ஐயா" என்று கேட்கும்போது மறுக்கவும் மனம் வராது, மாற்றவும் முடியாது. முதலிலேயே பார்த்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

உங்கள் கணக்குக்கு ஜூலை 23 வியாழன், ஜூலை 28 செவ்வாய் இரண்டையும் வைத்துக்கொள்வோம். இரண்டும் வார நடுவில் வருகின்றன, இரண்டிலும் 11 மணிக்கு ராகு காலம் இல்லை. ஆடி மாதம் என்பதால் முகூர்த்தக் கூட்டம் இருக்காது, ரயிலும் லாட்ஜ் அறையும் வைகாசியை விட எளிதாகக் கிடைக்கும். மூன்று நான்கு நாட்களைக் கொடுக்காதீர்கள். இரண்டு கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், ஐந்து கொடுத்தால் பிறகு பார்க்கலாம் என்று மெயிலை மூடிவிடுவார்கள்.

மெயிலை யார் அனுப்புவது என்று சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. நெறியாளர்தான், அதாவது நீங்கள். ஸ்காலர் தட்டச்சு செய்து தரக்கூட வேண்டாம். தேர்வாளர் யார் என்பதை ஆய்வாளருக்கு எப்போது சொல்லலாம் என்பதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு கட்டம் உண்டு, அதற்கு முன்னால் ஸ்காலரின் ஐ.டி.யிலிருந்து தேர்வாளருக்கு ஒரு மெயில் போனால் அது உங்கள் இருவருக்கும் கெட்ட பெயர். முதல் மெயிலின் Cc-யில் ஸ்காலரைப் போடக் கூடாது. கல்லூரி கொடுத்த மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள், சொந்த ஜிமெயில் வேண்டாம். இரண்டு தேர்வாளர்களுக்கும் முதல் மெயிலைத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருவர் பதிலைப் பார்த்து இன்னொருவர் தயங்குவது அப்போதுதான் இருக்காது, ஒருவர் யார் என்று மற்றவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியும் வராது. இரண்டாவது மெயில்தான் குழு முழுவதற்கும் ஒன்றாகப் போகிறது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். நம் வழக்கத்தில் பெரியவர்களுக்கு நேராக மெயில் வந்தால் அது ஆபீஸ் கடிதம் மாதிரி படும், பேசிவிட்டு அனுப்பினால் படிப்பார்கள். ஆனால் போனில் சொன்ன சம்மதத்தோடு நிறுத்திவிடாதீர்கள், வாட்ஸ்அப்பில் வந்த கைகூப்பும் படத்தோடும் நிறுத்தாதீர்கள். கோப்பில் வைக்க உங்களுக்கு எழுத்தில் ஒரு வரி வேண்டும்.

முதல் மெயில் இப்படி இருக்கலாம்.

> பொருள்: முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு – ஜூலை 23 அல்லது 28 – தங்கள் இசைவு வேண்டல் (ஜூன் 24க்குள்)
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம்.
>
> "சேர்வராயன் மலை ஊர்ப்பெயர்கள்" என்னும் ஆய்வேட்டுக்குத் தாங்கள் அளித்த மதிப்பீட்டு அறிக்கை கிடைத்து, வாய்மொழித் தேர்வு நடத்தப் பல்கலைக்கழகம் ஆணை வழங்கியுள்ளது.
>
> கீழ்க்காணும் இரண்டு நாட்களில் தங்களுக்கு எது வசதி என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> 2026 ஜூலை 23, வியாழக்கிழமை, முற்பகல் 11.00
> 2026 ஜூலை 28, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.00
>
> இரண்டு நாளுக்கும் எங்கள் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தைப் பதிவு செய்து வைத்துள்ளேன். தேர்வு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடைபெறும். இரண்டு நாளும் வசதிப்படாவிட்டால், ஜூலை 20 முதல் 31 வரை தங்களுக்கு ஏற்ற ஒரு நாளைக் குறிப்பிட்டால் அதற்கேற்ப ஏற்பாடு செய்கிறேன்.
>
> ஜூன் 24, புதன்கிழமை மாலைக்குள் தங்கள் பதில் கிடைத்தால் விதிப்படி உரிய காலத்தில் அறிவிப்பு வெளியிட முடியும். நாள் உறுதியானதும் பயணம், தங்குமிடம் பற்றிய விவரங்களுடன் தனி மெயில் அனுப்புகிறேன்.
>
> அன்புடன்,
> நெறியாளர் மற்றும் ஒருங்கிணைப்பாளர்

இதில் மன்னிப்பும் புகழ்ச்சியும் இல்லை என்பதைப் பாருங்கள். "தங்கள் பொன்னான நேரத்தில்" என்று ஆரம்பித்து நான்கு வரி போனால், போனில் மெயில் படிக்கிறவருக்கு முதல் திரையில் தேதியே தெரியாது. பொருள் வரியிலேயே இரண்டு தேதியும் கெடுவும் இருப்பதால், மெயிலைத் திறக்காவிட்டாலும் அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். கெடு வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். எதற்காகக் கெடு என்று பக்கத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறோம், அது போதும்.

தேதியோடு கிழமையைக் கட்டாயம் எழுதுங்கள். 23 என்பதை 28 என்று தட்டிவிட்டால் கிழமை காட்டிக்கொடுக்கும். மாதத்தை எண்ணால் எழுத வேண்டாம். 7.8.2026 என்று போட்டால் ஆகஸ்ட் 7 என்று நாம் படிப்போம், வெளிநாட்டுப் பழக்கத்தில் இருக்கிறவர் ஜூலை 8 என்று படிக்கவும் வாய்ப்பு உண்டு.

மலேசியத் தேர்வாளருக்கு அனுப்பும் மெயிலில் ஒரு வரி மட்டும் கூடுதல். "இந்திய நேரம் முற்பகல் 11.00, மலேசிய நேரம் பிற்பகல் 1.30" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். அரை மணிக் கணக்கு இருப்பதால் மனத்தில் கூட்டுகிறவர்கள் இரண்டு என்றோ மூன்று என்றோ போட்டுவிடுகிறார்கள், அதனால் கணக்கை அவரிடம் விடாமல் நீங்களே போட்டுக் கொடுங்கள். காலை 10.30 என்று வைத்தால் அவருக்கு 1 மணி, சாப்பாட்டு நேரம். அதனால்தான் 11 என்று சொன்னேன். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் உங்கள் ஸ்காலரின் ஊர்க்காரர்களுக்கும் 11 மணி தோதாக இருக்கும்.

ஜூன் 24 மாலைவரை பதில் வரவில்லை என்றால் 25 காலையில் போன் போடுங்கள், இன்னொரு மெயில் வேண்டாம். இருவரும் வேறு வேறு நாளைச் சொன்னால் நேரில் வருகிறவரின் நாளையே எடுங்கள். ஆன்லைனில் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினால் போதும், வருகிறவருக்கு இரண்டு இரவு போகிறது. விதிப்படி குழுவுக்கு ஒரு புறத்தேர்வாளர் இருந்தாலே போதும் என்பதால் மற்றவர் கடைசியில் சேர முடியாமல் போனாலும் வைவா நிற்காது. ஆனால் ஆர்டரில் இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் இல்லாமல் நடத்துவதற்கு முன் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இருவரும் ஜூலை 23 என்று ஒப்புக்கொண்டார்கள் என்றால், 28ஆம் தேதிக்கான கூடப் பதிவை அன்றைக்கே விட்டுவிட்டு, ஜூன் 29க்குள் இரண்டாவது மெயில். இது பழைய மெயிலுக்குப் பதிலாக இருக்கக் கூடாது, புதிய மெயிலாக, புதிய பொருள் வரியோடு போக வேண்டும். ஏழெட்டுப் பதில்களுக்கு அடியில் கிடக்கும் கூடத்தின் பெயரை, விடியற்காலையில் ரயிலிலிருந்து இறங்கி நிற்கும் ஒருவர் தேட முடியாது.

> பொருள்: உறுதி – பொது வாய்மொழித் தேர்வு – 2026 ஜூலை 23, வியாழன், முற்பகல் 11.00 – சேலம்
>
> மதிப்பிற்குரிய தேர்வாளர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.
>
> தங்கள் இசைவின்படி வாய்மொழித் தேர்வு கீழ்க்கண்டவாறு நடைபெறும்.
>
> நாள்: 2026 ஜூலை 23, வியாழக்கிழமை
> நேரம்: இந்திய நேரம் முற்பகல் 11.00 (மலேசிய நேரம் பிற்பகல் 1.30)
> இடம்: தமிழ்த்துறைக் கருத்தரங்கக் கூடம், அறை எண் 204, முதுகலைக் கட்டடம், இரண்டாம் தளம். கல்லூரியின் முதன்மை வாயில் வழியாக வரவும், லிஃப்ட் வசதி உண்டு.
>
> சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் ஜூலை 22 இரவு ரயிலில் புறப்படுவதாகத் தெரிவித்துள்ளார். சேலம் ஜங்ஷனில் கார் காத்திருக்கும், ஓட்டுநரின் எண்ணை முந்தைய நாள் தனியே அனுப்புகிறேன். ஜூலை 22 இரவு முதல் 23 இரவு வரை அறை பதிவு செய்யப்பட்டுள்ளது.
>
> இணையவழி சேரும் தேர்வாளருக்கான இணைப்பு கீழே உள்ளது. ஜூலை 21, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் பிற்பகல் 3.00 மணிக்குப் பத்து நிமிடச் சோதனை அழைப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாமா?
>
> பயணப்படி பெறுவதற்குப் பயணச்சீட்டுகளையும், வங்கிக் கணக்கு விவரத்தையும் உடன் கொண்டுவர வேண்டுகிறேன்.
>
> அறிவிப்பின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இந்த மெயிலின் Cc-யில் துறைத்தலைவர், ஆய்வு ஆலோசனைக் குழுவினர், முதல்வர் அலுவலகம் வரலாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மெயிலோடு கையெழுத்திட்ட கடிதமும் தனியே போகட்டும். மெயிலில் இருக்கும் நாள், நேரம், இடம் மூன்றும் நோட்டீஸில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் நோட்டீஸை முதலில் தயார் செய்து அதிலிருந்து அந்த மூன்று வரியையும் அப்படியே எடுத்து மெயிலில் ஒட்டுகிறேன், பிறகு ரிப்போர்ட்டிலும் அதையே ஒட்டுகிறேன். திரும்பத் தட்டச்சு செய்வதே இல்லை.

அறை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், இதில் அடிக்கடி தவறு நடக்கிறது. சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு ரயிலில் ஏறினால் விடிவதற்கு முன்பே சேலத்தில் இறங்கிவிடுவார். 23ஆம் தேதிக்கு அறை போட்டிருந்தால் லாட்ஜில் பகல் 12 மணிக்குத்தான் சாவி தருவார்கள், அவர் தேர்வுக்குக் கிளம்பும்வரை வரவேற்பறை சோபாவில் உட்கார வேண்டும். பிறகு அந்தக் களைப்போடு வந்து உங்கள் ஸ்காலரிடம் கேள்வி கேட்க வேண்டும். அதனால் அறை 22 இரவிலிருந்தே இருக்கட்டும், விடியற்காலை வருகிறார் என்று லாட்ஜுக்கும் சொல்லி வையுங்கள். திரும்பும் டிக்கெட்டிலும் ஒரு கண் வேண்டும். 23 இரவு கிளம்ப நினைக்கிறவர் நள்ளிரவு 12.30க்குச் சேலம் வருகிற ரயிலில் ஏறுவதானால் சேலத்தில் ஏறும் தேதி 24 என்றுதான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். 23 என்று போட்டிருந்தால் அந்த ரயில் முந்தைய இரவே போயிருக்கும். ரயில்வே முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, அதனால் ஜூன் 29 அன்று நீங்கள் உறுதி செய்யும்போது ஜூலை 22க்கான டிக்கெட் விற்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் போனில் சரி என்றவுடனே டிக்கெட்டைப் போடச் சொல்லுங்கள், மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மெயிலில் வரக் கூடாதவையும் சில உண்டு. மதிப்பூதியம் எவ்வளவு என்று எழுதாதீர்கள், அது பல்கலைக்கழகம் தருவது, நீங்கள் ஒரு தொகை சொல்லி வேறு தொகை வந்தால் சங்கடம். ஒரு தேர்வாளரின் மதிப்பீட்டு அறிக்கையை இன்னொருவர் பார்க்கும் மெயிலில் இணைக்காதீர்கள், வைவா அன்று கூடத்தில் கோப்பாகக் கொடுங்கள். ஏற்காடு சுற்றிப் பார்க்க வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்பதையெல்லாம் எழுத்தில் எழுதவே வேண்டாம். வந்தவருக்கு நேரம் இருந்து, விரும்பி, சொந்தமாகப் போனால் அது வேறு.

ஏற்காட்டில் வைக்கலாமா என்று உங்கள் ஸ்காலர் கேட்டதை நான் தவறாக எடுக்கவில்லை. ஊர்ப்பெயர் சொன்ன பெரியவர்கள் நாகலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பார்கள், அவர்கள் முன்னால் நடக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் ஆர்டரில் என்ன இடம் இருக்கிறதோ அதுதான் இடம். அதை மாற்ற வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும், ஆறு மாதக் கணக்கில் அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நாள் இல்லை. அதோடு, இரவெல்லாம் ரயிலில் வந்தவரை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி உட்காரவைத்துத் தேர்வு நடத்துவது சரியில்லை. பனி இறங்கினாலும் மழை கொட்டினாலும் மலைப்பாதையை நம்ப முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது என்பதை நம்பி ஒரு தேர்வை வைக்க முடியாது. மேலே நெட்வொர்க்கும் இடத்துக்கு இடம் மாறும், மலேசியாவிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் யாருக்கும் நல்லதில்லை. அந்தப் பெரியவர்களில் நாலைந்து பேரைக் கீழே அழைத்து வரச் சொல்லுங்கள். அவர்கள் உட்காரலாமா என்று ஒரு வார்த்தை துறைத்தலைவரிடமும் அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டு, முன் வரிசைக்கு அடுத்த வரிசையில் இடம் போடுங்கள். வருகைப் பதிவுத் தாளில் அவர்கள் பெயரும் வரட்டும்.

நாள் மாற வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வாளருக்கு உடம்பு முடியவில்லை, ரயில் ரத்து, எதுவானாலும் பழைய மெயிலில் "Reply" அழுத்தித் தேதியை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். "மாற்றம் – ஜூலை 23 தேர்வு ஒத்திவைப்பு – புதிய நாள் ஜூலை 30" என்று புதிய பொருள் வரியோடு, பழைய நாள் எது, புதிய நாள் எது, கூடம் அதேதானா என்று மூன்றையும் எழுதி, பழைய மெயிலுக்குப் போன எல்லாருக்கும் அனுப்புங்கள். ஒருவரை விட்டுவிட்டால் அவர் 23 அன்று வந்து நிற்பார். அறிவிப்புக்கான நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்படித் தொடங்கினால் 30 என்பதே முடியாமல் போகலாம். கேலண்டரில் அழைப்பு அனுப்பியிருந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். துறைப் பலகையில் ஒட்டிய பழைய நோட்டீஸையும், நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரதியோடு வைத்த நோட்டீஸையும் நீங்களே போய் எடுத்துவிட்டு வாருங்கள், ஆள் அனுப்பினால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவார்கள்.